கீழ்க்காலில் வலியுடன் தோன்றும் சிவந்த கட்டிகள்: காரணம் கண்டறியப்படுவது எப்படி?

முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தில், தொட்டாலே வலிக்கும் சிவந்த கட்டிகள் திடீரெனத் தோன்றுவதுண்டு. பெரும்பாலும் இரு கால்களிலும் இவை காணப்படும். இவற்றுடன் காய்ச்சலும் உடல் சோர்வும் மூட்டு வலியும் இருக்கலாம். சிலருக்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பு தொண்டை வலி வந்து போயிருக்கும். மருத்துவத்தில் இந்நிலை ‘எரித்திமா நோடோசம்’ எனப்படுகிறது. இது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும். எனினும், இது ஏன் வந்தது என்பதைக் கண்டறிவது அவசியம். ஏனெனில் இக்கட்டிகள் சில நேரங்களில், உடலில் வேறோர் இடத்தில் மறைந்திருக்கும் காசநோயின் முதல் அறிகுறியாக அமைகின்றன.

இக்கட்டிகள் எவ்வாறு உண்டாகின்றன?

தோலுக்கு அடியில் ஒரு கொழுப்புப் படலம் உள்ளது. மெல்லிய நார்த்திசுத் தடுப்புகள் அதனைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு ஏதேனும் ஒரு தூண்டுதலுக்கு எதிராகத் தீவிரமாகச் செயல்படும்போது, இத்தடுப்புகளில் அழற்சி ஏற்படுகிறது. அவ்வழற்சியே வெளியே சிவந்த, வெப்பமான, வலியுள்ள கட்டியாகத் தெரிகிறது.

எனவே இது சீழ்க்கட்டி அன்று. கட்டியினுள் கிருமி இருப்பதில்லை. அதனைக் கீறினாலோ பிதுக்கினாலோ சீழ் வராது; புண்தான் உண்டாகும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. தூண்டுதல் தொண்டையிலோ நுரையீரலிலோ குடலிலோ இருக்கலாம். அல்லது உட்கொண்ட மருந்தாகவும் இருக்கலாம். கால் அதன் எதிரொலியை மட்டுமே காட்டுகிறது.

எவ்வாறு அடையாளம் காணலாம்?

கட்டிகள் பொதுவாக 1 முதல் 5 செ.மீ. அளவில் இருக்கும். அவற்றின் விளிம்பு தெளிவாகத் தெரியாது. கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவும்போது நன்கு உணரலாம். முதலில் பளிச்சென்ற சிவப்பாக இருப்பவை, சில நாட்களில் கருஞ்சிவப்பாகி, பின்னர் அடிபட்ட இடம் கன்றி மறைவதுபோல் ஊதாவாகவும் பச்சை கலந்த மஞ்சளாகவும் மாறும். ஒரு கட்டி மறைய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் புதிய கட்டிகள் தோன்றலாம் என்பதால், முழுமையாகக் குணமடைய 3 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம். இவை உடைந்து புண்ணாவதில்லை, தழும்பும் விடுவதில்லை. ஆண்களைவிடப் பெண்களிடம், குறிப்பாக 20 முதல் 40 வயதுக்கு உட்பட்டவர்களிடம், இது மிகுதியாகக் காணப்படுகிறது.

இதே தோற்றத்தைத் தரும் வேறு சில நோய்களும் உள்ளன. ஒரு காலில் மட்டும் சிவப்பு நாளுக்கு நாள் பரவிக்கொண்டே சென்றால், அது தோல் மற்றும் தோலடித் திசுக்களில் ஏற்பட்ட கிருமித் தொற்றாக இருக்கலாம். கயிறுபோல் நீண்டு வலித்தால் இரத்தநாள அழற்சி எனக் கருதவேண்டும். குளிர்க்காய்ச்சலுடன் தொடையிடுக்கில் நெறிகட்டி, அங்கிருந்து கால் நோக்கிச் சிவந்த கோடு இறங்கினால் யானைக்கால் நோயின் தாக்கமாக இருக்கலாம். கட்டிகள் கெண்டைச் சதையில், அதாவது காலின் பின்புறம் தோன்றி உடைந்து புண்ணானால், அதுவும் எரித்திமா நோடோசம் அன்று. காசநோயுடன் தொடர்புடைய வேறொரு தோல் நோயாக இருக்கக்கூடும். ஆகையால் கட்டி எங்கே உள்ளது, உடைகிறதா, ஒரு காலிலா இரு கால்களிலா என்னும் மூன்று விவரங்களை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

எந்தக் காரணங்கள் முதலில் ஆராயப்படுகின்றன?

கண்டறியப்படும் காரணங்களுள் முதன்மையானது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் தொண்டை அழற்சி ஆகும். தொண்டை வலி தணிந்து இரண்டு முதல் மூன்று வாரங்களுக்குள் கட்டிகள் தோன்றும். அப்போது தொண்டை முழுமையாகச் சரியாகியிருக்கலாம். ஆகவே, ‘இப்போது தொண்டை வலி இல்லையே’ என்று எண்ணி, முன்பு வந்து போனதைக் கூறாமல் விட்டுவிடாதீர்கள். இதே பாக்டீரியா இதய வால்வுகளைப் பாதிக்கும் முடக்குக் காய்ச்சலையும் உண்டாக்கக்கூடும் என்பதால், மூட்டு வலி உள்ள குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இதயமும் பரிசோதிக்கப்படும்.

இரண்டாவது, காசநோய். காசநோய்க் கிருமி உடலில் நுழைந்த தொடக்க காலத்தில், நோய் எதிர்ப்பு அமைப்பு அதனை அடையாளம் கண்டு வலுவாக எதிர்க்கும்போது கட்டிகள் தோன்றுகின்றன. அந்நிலையில் பலருக்கு இருமலோ சளியோ இருப்பதில்லை. மார்பின் நடுப்பகுதியில் உள்ள நிணநீர்க் கணுக்கள் மட்டும் வீங்கியிருக்கும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், தொண்டை வலி இருந்தது என்பதற்காக இக்காரணத்தைத் தேடாமல் விட்டுவிட இயலாது.

மூன்றாவது, மருந்துகள். சல்பா வகை மருந்துகளும் பென்சிலின் வகை மருந்துகளும் கருத்தடை மாத்திரைகளும் இக்கட்டிகளைத் தூண்டலாம். தொண்டை வலிக்காக ஆன்டிபயாட்டிக் உட்கொண்டவருக்குக் கட்டி வந்தால், காரணம் கிருமியா மருந்தா என்னும் குழப்பம் எழும். கட்டி வருவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் உட்கொண்ட அனைத்து மருந்துகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்வது இக்குழப்பத்தைத் தீர்க்க உதவும். மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

இவற்றைத் தவிர, கர்ப்பகாலம், குடல் அழற்சி நோய்கள், சார்கொய்டோசிஸ் ஆகியவையும் காரணமாகலாம். சார்கொய்டோசிஸ் நோயில் மார்பின் இரு புறமும் நிணநீர்க் கணுக்கள் வீங்கி, கணுக்கால்கள் வலியுடன் வீங்கும். நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், வயிற்று வலி ஆகியவை இருந்தால் குடல் ஆராயப்படும். எல்லாப் பரிசோதனைகளையும் செய்த பின்னரும், மூன்றில் ஒரு பங்கினருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ காரணம் புலப்படுவதில்லை. அவர்களுக்கும் கட்டிகள் பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடுகின்றன.

தொழுநோய் வினையும் கட்டிகளும்

பெயரில் ஒற்றுமை இருப்பதால் குழப்பத்தை ஏற்படுத்தும் மற்றொரு நிலை ‘எரித்திமா நோடோசம் லெப்ரோசம்’ ஆகும். இது தொழுநோய்க் கிருமிகள் உடலில் மிகுதியாக உள்ளவர்களுக்கு ஏற்படும் வினை. சிகிச்சைக்கு முன்னரோ, சிகிச்சையின்போதோ, சிகிச்சை முடிந்த பின்னரோ இது தோன்றலாம். இதில் கட்டிகள் கீழ்க்காலோடு நிற்பதில்லை. முகம், கைகள், தொடைகள் ஆகிய இடங்களிலும் கூட்டம் கூட்டமாகத் தோன்றும். காய்ச்சலுடன் கண் சிவப்பு, நரம்பு வலி, கை கால் மரத்துப்போதல், ஆண்களுக்கு விதைப்பை வலி ஆகியவையும் இருக்கலாம்.

உணர்ச்சியற்ற தேமலோ, தடித்த காதுமடலோ, உதிர்ந்த புருவமோ இருப்பின் அதனை மறைக்காமல் காட்டுங்கள். இவ்வினையைத் தாமதமின்றிக் கவனிக்காவிட்டால் கண்ணும் நரம்பும் நிலையாகப் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை பெற்று வருபவர்கள், கட்டி வந்துவிட்டது என்று அச்சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

என்னென்ன பரிசோதனைகள் செய்யப்படும்?

முதலில் மருத்துவர் விரிவாகக் கேட்டறிவார்: தொண்டை வலி, இருமல், எடை குறைவு, இரவு வியர்வை, வயிற்றுக் கோளாறு, உட்கொண்ட மருந்துகள், மாதவிடாய் தள்ளிப்போனதா, வீட்டிலோ பணியிடத்திலோ எவருக்கேனும் காசநோய் உள்ளதா. பின்னர் தொண்டை, கழுத்து நெறிகள், நுரையீரல், மூட்டுகள், தோல் ஆகியவை பார்க்கப்படும். அடுத்து, பெரும்பாலோர்க்குப் பின்வரும் பரிசோதனைகள் போதுமானவை:

- இரத்த அணுக்களின் எண்ணிக்கை, அழற்சியின் அளவைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். பரிசோதனை
- ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. இரத்தப் பரிசோதனை, தொண்டை வலி தொடர்ந்தால் தொண்டைச் சளிப் பரிசோதனை
- மார்பு எக்ஸ்-ரே
- மாண்டூ எனப்படும் தோல் பரிசோதனை

இவற்றுள் இரண்டின் முடிவுகள் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதால் சற்று விளக்கம் தேவை.

ஏ.எஸ்.ஓ. என்பது கிருமியைக் காட்டுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைக் காட்டுகிறது. தொற்று ஏற்பட்டு ஒரு வாரத்திற்குப் பின்னர் உயரத் தொடங்கும் இந்த எண், 3 முதல் 6 வாரங்களில் உச்சத்தை அடைந்து, பல மாதங்கள் உயர்ந்தே இருக்கக்கூடும். ஆகவே ஒருமுறை உயர்ந்திருப்பது, சென்ற மாதத் தொற்றா சென்ற ஆண்டின் தொற்றா என்று கூறாது. 2 முதல் 4 வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்து, எண் தெளிவாக மாறியிருந்தால் மட்டுமே அண்மைத் தொற்று என உறுதி செய்யலாம்.

மாண்டூ பரிசோதனையில், முன்கையின் தோலினுள் சிறிதளவு மருந்து செலுத்தப்படும். 48 முதல் 72 மணி நேரத்திற்குள் சென்று காட்ட வேண்டும். அங்கே ஏற்படும் சிவப்பு அளக்கப்படுவதில்லை, தடிப்பே அளக்கப்படுகிறது. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் காசநோய்க் கிருமி உடலில் எப்போதோ நுழைந்துள்ளது என்று பொருள். நம் நாட்டில் நோயற்ற பலருக்கும் இவ்வாறு தடிக்கும் என்பதால், இதை மட்டும் கொண்டு காசநோய் எனக் கூற இயலாது. ஆனால் கட்டிகளுடன் வந்தவருக்கு மிகப் பெரிதாகத் தடித்து, கொப்புளமும் கண்டால், மருத்துவர் அடுத்த கட்டப் பரிசோதனைகளுக்குச் செல்வார்.

கட்டிகள் வழக்கமான இடத்தில் இல்லாவிட்டாலோ, புண்ணானாலோ, 6 முதல் 8 வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, கட்டியிலிருந்து சிறு திசு எடுத்துப் பரிசோதிக்கப்படும். அழற்சி கொழுப்புப் படலத்தில் இருப்பதால் திசுவை ஆழமாக எடுக்கவேண்டும். மேல்தோலை மட்டும் எடுத்தால் விடை கிடைக்காது.

ஓர் எடுத்துக்காட்டு

மருத்துவமனைகளில் காணப்படும் விவரங்களைச் சேர்த்து அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டு இது. துணிக்கடை ஒன்றில் நாள் முழுவதும் நின்று பணியாற்றும் 26 வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து நான்கு நாட்களில் சரியாயின. இரண்டு வாரங்களுக்குப் பின்னர் வலது காலில் நான்கும் இடது காலில் மூன்றுமாகச் சிவந்த கட்டிகள் தோன்றின. கணுக்கால்களும் வலித்தன. நெடுநேரம் நிற்பதால் வந்ததென எண்ணி, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கி ஐந்து நாட்கள் உட்கொண்டார். அவற்றுள் ஒன்று ஸ்டீராய்டு. கட்டிகள் விரைவாக அமுங்கின. மாத்திரையை நிறுத்திய ஒரு வாரத்தில் புதிய கட்டிகள் தோன்றின.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ஏ.எஸ்.ஓ. அளவு 400 என இருந்தது. அந்த ஆய்வகத்தில் இயல்பான உச்ச அளவு 200. தொண்டை வலி, இரண்டு வார இடைவெளி, உயர்ந்த எண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. இத்துடன் தேடலை நிறுத்தியிருக்கலாம். ஆனால், வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா என்று மருத்துவர் கேட்டபோது, மாமனார் சென்ற ஆண்டு அதற்காகச் சிகிச்சை பெற்றது தெரியவந்தது. இரண்டு மாதங்களில் 3 கிலோ எடை குறைந்திருந்ததையும் அப்பெண் அப்போதுதான் கூறினார்.

மார்பு எக்ஸ்-ரேயில் வலப்புற நுரையீரல் வேர்ப்பகுதி மட்டும் பருத்திருந்தது. சார்கொய்டோசிஸ் நோயில் பொதுவாக இரு புறமும் பருக்கும். மாண்டூ தடிப்பு 20 மி.மீ. இருந்தது, அதன்மேல் சிறு கொப்புளமும் இருந்தது. மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்த ஏ.எஸ்.ஓ. அளவு அதே 400. அதாவது, அந்த எண் அண்மைத் தொற்றை உறுதி செய்யவில்லை. சளி வராததால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வீங்கிய நிணநீர்க் கணுவிலிருந்து ஊசி மூலம் மாதிரி எடுக்கப்பட்டது. மரபணு அடிப்படையிலான விரைவுப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியானது. ஆறு மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டது. சில வாரங்களில் புதிய கட்டிகள் வருவது நின்றது. வீட்டிலிருந்த ஏனையோரும் பரிசோதிக்கப்பட்டனர்.

இதே பெண்ணுக்கு எக்ஸ்-ரே இயல்பாக இருந்து, மாண்டூ தடிப்பும் சிறிதாக இருந்து, இரண்டாவது ஏ.எஸ்.ஓ. அளவு 800 என உயர்ந்திருந்தால் விடை தொண்டைத் தொற்று என்றே அமைந்திருக்கும். அதற்குரிய மருந்தும் ஓய்வும் போதுமானவையாக இருந்திருக்கும்.

ஸ்டீராய்டு மாத்திரையை ஏன் தாமாக உட்கொள்ளக் கூடாது?

ஸ்டீராய்டு அழற்சியை விரைவாக அடக்குகிறது. எனவே கட்டியும் வலியும் குறைவதைக் கண்டு, நோய் தீர்ந்தது என்ற எண்ணம் உண்டாகிறது. ஆனால் காரணம் காசநோயாக இருந்தால், கிருமியைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றலையே அம்மருந்து தளர்த்துகிறது. நோய் பரவ வழி ஏற்படுகிறது. மாண்டூ தடிப்பையும் அது குறைத்துக் காட்டலாம். தோலில் தெரிந்த அறிகுறி மறைய, உள்ளே உள்ள நோய் தொடரும். ஆகையால் ஸ்டீராய்டு தேவைப்படும் சிலருக்கும், காசநோய் இல்லை என்று உறுதி செய்த பின்னரே அது அளிக்கப்படும். தொழுநோய் வினைக்கும் ஸ்டீராய்டு பயன்படுகிறது. எனினும் அது மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் அளவறிந்து கொடுக்கப்பட வேண்டிய மருந்தாகும்.

ஏற்கெனவே அத்தகைய மாத்திரையை உட்கொண்டிருந்தால், அதை மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். பல வாரங்களாக உட்கொண்டு வந்திருந்தால், திடீரென நிறுத்தாமல் மருத்துவர் கூறும் முறையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வலியைக் குறைக்க என்ன செய்யலாம்?

முதல் சில நாட்களில் கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து ஓய்வெடுங்கள். துணியில் சுற்றிய குளிர்ந்த ஒத்தடம் ஒரு நேரத்தில் 10 முதல் 15 நிமிடங்கள் கொடுக்கலாம். நெடுநேரம் நிற்பதைத் தவிர்த்தால் வலியும் கணுக்கால் வீக்கமும் குறையும். காலில் நாடித்துடிப்பைப் பார்த்த பின்னர், மீள்தன்மையுள்ள கட்டு அணிய மருத்துவர் அறிவுறுத்தலாம்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் பயன்படுத்தலாம். இபுபுரூஃபன், நாப்ராக்சன் போன்ற அழற்சி நீக்கிகள் கூடுதல் பலன் தரும். ஆனால் கர்ப்பிணிகள், வயிற்றுப்புண், சிறுநீரக நோய் அல்லது குடல் அழற்சி நோய் உள்ளவர்கள், டெங்கு காய்ச்சல் இருக்கலாம் என ஐயம் உள்ளவர்கள் ஆகியோர் இவற்றை மருத்துவர் கூறாமல் உட்கொள்ளக் கூடாது. கட்டிகளின்மேல் சூடு வைத்தல், அழுத்தித் தேய்த்தல், பிதுக்குதல் ஆகியவை வேண்டாம்.

எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச் சதை கடுமையாக வலித்தாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டாலோ, சிவப்பு வேகமாகப் பரவிக் கடும் காய்ச்சல் அடித்தாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, கை கால் மரத்து வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனையை அணுகவும். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கவும்.

மற்றவர்கள், கட்டிகள் தோன்றிய ஒரு வாரத்திற்குள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காண்பிக்கவும். கட்டிகள் மறைந்துவிட்டாலும், இரண்டாவது ஏ.எஸ்.ஓ. பரிசோதனைக்கும் மாண்டூ அளவீட்டிற்கும் குறித்த நாளில் தவறாமல் செல்லவும். காசநோய்க்கும் தொழுநோய்க்கும் உரிய பரிசோதனைகளும் மருந்துகளும் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.